கலைச்சொல் வேண்டும்: "பாம் எக்ஸ்ப்ளோஷன்" (வெள்ளி மாலைக்குள்)

மல்லிகா, திருப்பூர்:

வணக்கம்ங்க. பனியன் கம்பெனிகளுக்கான உற்பத்தி மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளி மாலை கோப்பை ஒப்படைக்க வேண்டும். BOM என்றால் Bill of Materials, ஒரு பொருளைச் செய்யத் தேவையானவற்றின் பட்டியல். அதைப் பற்றிய இரண்டு வரிகள் மட்டும் நிற்கின்றன:

```
msgid "BOM Explosion"
msgstr ""
msgid "Explode BOM"
msgstr ""
```

முன்பு யாரோ "பாம் வெடிப்பு" என்று போட்டுவைத்திருக்கிறார்கள். அப்படியே திரையில் வந்தால் நூல் கணக்குப் பார்க்கிறவர் குண்டுவெடிப்பு என்றுதான் படிப்பார். முதல் வரி தலைப்பு, இரண்டாவது பொத்தான். என்ன போடலாம்?

கதிர், கோவை:

இதற்கு "பிரிநிலைப் படம்" என்ற சொல்லை நாங்கள் புழங்குகிறோம்ங்க. மோனோபிளாக் பம்ப்பில் கேசிங், இம்பெல்லர், சீல், ஷாஃப்ட் எல்லாம் ஒரே அச்சில் தள்ளித் தள்ளி நிற்கிற மாதிரி வரைவோமே, அதுதானே? சர்வீஸுக்குப் போகிற பையன்களுக்கு அந்தப் படம் இல்லாமல் வேலை நடக்காது.

நாச்சிமுத்து, அவிநாசி:

கதிர் தம்பி, நீங்கள் சொல்வது வரைபடம். மல்லிகா அம்மணி கேட்பது கணக்கு. இத்தனை பீஸ் ஆர்டர் என்றால் பட்டியலைப் படிப்படியாகக் கீழே இறக்கி, கடைசியில் எத்தனை கிலோ நூல் என்று காண்பது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சொல்லும் பிடிபடும். 6000 ரவுண்ட் நெக் பீஸ் வெட்ட வேண்டும். ஒரு பீஸுக்கு, கட்டிங் கழிவோடு சேர்த்து, ஜெர்சி துணி 150 கிராம், கழுத்து ரிப் 9 கிராம். அப்படியானால் சாயம் போட்டு முடித்த துணியாக 900 கிலோ ஜெர்சியும் 54 கிலோ ரிப்பும் வேண்டும். டையிங், காம்பேக்டிங் இரண்டிலும் சேர்த்து 10 சதவீதம் குறையும் என்று வைத்தால், சாயம் போடாத கிரே துணி 1000 கிலோவும் 60 கிலோவும். அதற்குக் கீழே நிட்டிங்கில் 2 சதவீதம் போகும். இப்படி ஒவ்வொரு படியிலும் ஒன்று பலவாகப் பிரிந்து இறங்குவதைத்தான் அந்த ஆங்கிலச் சொல் சொல்கிறது.

சரவணன், ஈரோடு:

900 கிலோவுக்கு 10 சதவீதம் கூட்டினால் 990 தானே வரும்? 1000 எப்படி வந்தது? சொல்லுக்கு என் ஓட்டு "பகுப்பு".

நாச்சிமுத்து:

கூட்டக்கூடாதுங்க, 0.9-ஆல் வகுக்க வேண்டும். குறைவது உள்ளே போகிற கிரே துணியில் 10 சதவீதம். வெளியே வருகிற துணியில் அல்ல. 990 கிலோவை டையிங்குக்கு அனுப்பினால் 891 தான் திரும்பி வரும். 9 கிலோ குறைகிறது, அது 60 பீஸ் துணி. கட்டிங் மேஜையில் கடைசி லே விரிக்கும்போதுதான் இது வெளியே தெரியும். அந்த 60 பீஸுக்காக மறுபடி நிட்டிங், மறுபடி சாயம். அதே ஷேடு அப்படியே வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சென்னியப்பன், கோபி:

அன்பர்களே, "பகுப்பு" வேண்டாம். பகுப்பாய்வு என்ற சொல் நிலைத்துவிட்ட பிறகு, இது ஏதோ துணியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதுபோல் ஒலிக்கும். ஆங்கிலச் சொல்லின் மூலத்தையும் பாருங்கள். இலத்தீனில் அது வெடித்தலே அன்று. பிடிக்காத நடிகனைக் கைதட்டி மேடையிலிருந்து விரட்டுவது. நாடகத்தில் பிறந்து வெடிமருந்துக்குப் போய்ப் பட்டியலுக்கு வந்திருக்கிறது. அதன் பின்னாலேயே நாமும் ஓடி "வெடிப்பு" என்று நிற்க வேண்டியதில்லை.

நம்மிடம் "விரி" இருக்கிறது. விரிவு தன்வினையில் பிறந்தது, தானாக விரிவது. விரிப்பு பிறவினை, ஒருவர் விரிப்பது. இங்கே கணக்காளர் விரிக்கிறார், ஆகவே "விரிப்பு".

சரவணன்:

விரிப்பு என்றால் கட்டிலில் போடுவதல்லவா ஐயா?

சென்னியப்பன்:

தனியே நின்றால் அப்படித்தான். "பட்டியல் விரிப்பு" என்றால் யார் கட்டிலை நினைப்பார்கள்?

மல்லிகா:

அப்படியானால் "மூலப்பொருள் பட்டியல் விரிப்பு" என்று போட்டுவிடட்டுமா?

நாச்சிமுத்து:

"மூலப்பொருள்" வேண்டாம்ங்க. அந்தப் பட்டியலில் கிரே துணி, சாயத்துணி, லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி எல்லாம் வரும். "பொருட்பட்டியல்" போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரிப்பது பாதி வேலைதான். மேலே சொன்ன ஆர்டரில், கையிருப்பாக 200 கிலோ ஜெர்சி கிரே துணியும் 150 கிலோ நூலும் இருக்கிறது என்று வையுங்கள். ஜெர்சிக்கும் ரிப்புக்கும் ஒரே நூல். கிரே படியில் நின்று 1000-லிருந்து 200-ஐக் கழித்தால் 800 நிட்டிங் செய்தால் போதும். 0.98-ஆல் வகுத்தால் நூல் 816.3 கிலோ. ரிப்புக்கு 61.2. இரண்டும் சேர்ந்து 877.5. அதில் 150 போக 727.5 வாங்க வேண்டும், 50 கிலோ மூட்டையில் 15 மூட்டை.

நடுவில் நிற்காமல் அடிவரை விரித்துவிட்டுக் கடைசியில் நூல் இருப்பை மட்டும் கழித்தால் 931.6 கிலோ வரும், 19 மூட்டை. 4 மூட்டைக்கான பணம் குடோனில் முடங்கும். இதைவிட மோசமானது, ஜெர்சிக்கும் ரிப்புக்கும் நூலைச் சேர்க்காமல் தனித்தனியே கழிப்பது. ஜெர்சிக்கு 150 போக 666.3. ரிப்புக்கும் அதே 150-ஐக் காட்டி "தேவை இல்லை" என்று வரும். 14 மூட்டை வாங்குவீர்கள், 27.5 கிலோ துண்டு விழும். ஜெர்சி முதலில் ஓடிவிடும், ரிப்புக்கு நூல் இருக்காது. அப்போது அவசரத்துக்கு வேறு லாட் நூல் வாங்கி ஓட்டினால், ஒரே சாயத்தில் முக்கினாலும் கழுத்து ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடாக நிற்கலாம்.

ஆகவே ஒவ்வொரு படியிலும் எல்லாத் தேவையையும் சேர்க்க வேண்டும், இருப்பைக் கழிக்க வேண்டும், பிறகுதான் அடுத்த படிக்கு விரிக்க வேண்டும்.

சென்னியப்பன்:

நாச்சிமுத்து, சொல்லை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்! தொல்காப்பிய மரபியலில் வழிநூலின் வகை சொல்லுமிடத்தில் "தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து" என்று வருகிறதே. தொகுப்பதும் விரிப்பதும் ஒன்றாக நிகழ்வது தொகைவிரி. படிதோறும் சேர்த்து, பிறகு விரிக்கும் உங்கள் கணக்குக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? "பொருள் தொகைவிரி". மொழிபெயர்ப்பும் அதே வரியில் இருக்கிறது பாருங்கள்.

நாச்சிமுத்து:

ஐயா, கேட்கவே நிறைவாக இருக்கிறது. வேலையை முழுதாகச் சொல்கிற சொல்.

மல்லிகா:

ஐயா, சொல் அழகுதான். ஆனால் அதே திரையில் வலப்பக்கம் "தொகை" என்று ஒரு கட்டம் இருக்கிறது, ரூபாய்க்கு. "தொகைவிரி" பொத்தானைப் பார்க்கிற சூப்பர்வைசர் பில் தொகையின் விவரம் வரும் என்றுதான் அழுத்துவார். அதோடு, இந்தப் பொத்தான் இருப்பைக் கழிக்காது. விரிக்க மட்டும் செய்யும். கழிப்பதற்கு வேறு திரை.

நாச்சிமுத்து:

கழிக்காதா? அப்படியென்றால் "விரிப்பு" தான் சரி. முழு வேலையைச் சொல்லும் பெயரை இந்தப் பொத்தானுக்கு வைத்தால், இருப்பு கழிந்துவிட்டது என்று நம்பி 22 மூட்டைக்கு ஆர்டர் போடுவார்கள். பக்கத்திலேயே "இருப்பு கழிக்காத தேவை" என்று ஒரு வரி போடுங்கள்.

சென்னியப்பன்:

ரூபாய்க்குத் "தொகை" என்பது நேற்று வந்த வழக்கு. அந்தக் கட்டத்தைப் "பணம்" என்று மாற்றினால் தீர்ந்தது. ஒரு கட்டத்துக்காக ஈராயிரம் ஆண்டுச் சொல்லை விடுவதா?

மல்லிகா:

அந்தக் கட்டத்தை மாற்ற எனக்கு அனுமதி இல்லைங்க ஐயா. இப்போதைக்கு இப்படி அனுப்புகிறேன். பொத்தானில் "விரி" என்று ஏவலாக வைக்காமல், மற்றப் பொத்தான்களைப் போல "-க" ஈற்றில் வைத்திருக்கிறேன்:

```
msgid "BOM Explosion"
msgstr "பொருட்பட்டியல் விரிப்பு"
msgid "Explode BOM"
msgstr "பட்டியலை விரிக்க"
```

சரவணன்:

சரிங்க. எனக்கு இன்னமும் "பகுப்பு" தான்.

சென்னியப்பன்:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இருப்பைக் கழிக்கும் அந்த மற்றத் திரைக்குப் பெயர் வைக்கும்போது "தொகைவிரி"யை மறுபடி கொண்டுவருவேன்.

கதிர்:

எங்கள் படத்துக்குப் "பிரிநிலைப் படம்" சரிதானே? அதை யாரும் சொல்லவில்லையேங்க.