பழைய ஏவிஐ வீடியோவில் சத்தம் மட்டும் வருது, படம் கறுப்பு. எல்லாத்தையும் எம்பி4 ஆக்கிட்டு பழசை அழிச்சிடலாமா?

நிலாமுற்றம்:
அவசரம். அப்பாவோட பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு ஃபோல்டர் எடுத்தேன். போட்டோ ஆயிரத்துச் சொச்சம், வீடியோ நாற்பது. பாதி திறக்குது, சிலது திறக்கலை. ஒண்ணுல சத்தம் மட்டும் வருது, படம் கறுப்பு. இன்னும் இருபது முப்பது வருஷம் கழிச்சும் இதெல்லாம் திறக்கணும். மொத்தத்தையும் எம்பி4 ஆக்கிட்டுப் பழசை அழிச்சிடலாம்னு இருக்கேன். நல்ல கன்வர்ட்டர் சொல்லுங்க.

வேகவண்டி:
எம்பி4 தான் சரி, எச்.264. போன், டிவி எல்லாத்துலயும் ஓடும். கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க.

ஆனந்தி_கே:
ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுதா? எனக்கும் இப்படித்தான் பாதி ஃபைல் திறக்கல, ஒரு வாரத்துல டிஸ்க்கே போயிடுச்சு. முதல்ல வேற டிஸ்க்குக்கு காப்பி எடுங்க.

முதுகணினி:
எந்த இயங்குதளம்? எந்த பிளேயர்? திறக்காத ஃபைலின் எக்ஸ்டென்ஷன் என்ன? என்ன எர்ரர் வந்தது? ஒண்ணும் சொல்லாம "நல்ல கன்வர்ட்டர்" கேட்டா சோதிடர்கிட்டதான் போகணும். ஏவிஐ என்பது வெறும் பெட்டி. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம பதில் சொல்றவங்களும் சோதிடர்கள்தான், வேகவண்டி உட்பட.

நிலாமுற்றம்:
விண்டோஸ். கூடவே வர்ற பிளேயர். கறுப்பா வர்றது ஏவிஐ. சுத்தமா திறக்காதது ரெண்டு எம்ஓவி. டிஸ்க் சத்தம் இல்லை, காப்பி எடுத்தாச்சு.

ரீல்பெட்டி:
அழிக்கறதை மட்டும் நிறுத்தி வைங்க. உங்ககிட்ட ரெண்டு வேற வேற பிரச்சினை கலந்து கிடக்குன்னு நினைக்கிறேன். ஃபைல் நல்லா இருந்தும் அதை வாசிக்கத் தெரிந்த டிகோடர் இல்லாதது ஒண்ணு. ஃபைலே கெட்டுப்போனது இன்னொண்ணு. வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் "திறக்கலை"தான். எஃப்எஃப்எம்பெக்னு வீடியோவை வாசிக்கவும் மாத்தவும் ஒரு இலவச நிரல் இருக்கு. அதைப் போட்டுட்டு, அந்தக் கறுப்பு ஃபைலில் இதை ஓட்டுங்க:

```
ffprobe -v error -show_entries stream=codec_name,codec_tag_string,pix_fmt -of csv=p=0 a.avi
```

வர்றதை அப்படியே இங்கே ஒட்டுங்க. எம்ஓவி ரெண்டுலயும் இதையே ஓட்டுங்க.

நிலாமுற்றம்:
ஏவிஐ:

```
indeo5,IV50,yuv410p
pcm_u8,[1][0][0][0]
```

எம்ஓவி ரெண்டுக்கும் `moov atom not found` மட்டும்தான் வந்தது. ஆனா அந்த ஏவிஐ விஎல்சி-யில நல்லாவே ஓடுதே! எம்பிவி-யிலயும் ஓடுது. அப்ப பிரச்சினை இல்லைதானே?

வேகவண்டி:
நாலு பிளேயர்ல ஓடினா போதும். அதுதான் டெஸ்ட்.

ரீல்பெட்டி:
இல்லை, இங்கேதான் பலரும் ஏமாறுவது. விஎல்சி, எம்பிவி ரெண்டும் உள்ளுக்குள்ள எஃப்எஃப்எம்பெக்கின் டிகோடரைத்தான் கூப்பிடுது. அதனால நீங்க ரெண்டு பிளேயர்ல பார்க்கலை, ஒரே டிகோடரை ரெண்டு சட்டையில பார்த்தீங்க. கன்வர்ட்டர்களிலும் பெரும்பாலானவை அதே ஆள்தான்.

ஒரு ஃபார்மேட் பிழைக்குமான்னு பார்க்க நான் கேட்கிற கேள்வி ரெண்டு. இதை எப்படி வாசிக்கணும்னு பொதுவில் ஆவணம் இருக்கா? ஒருத்தரை ஒருத்தர் காப்பியடிக்காமல் எழுதிய டிகோடர் எத்தனை இருக்கு? உங்க ஜேபெக் படங்கள் இதுல அமோகமா தேறும். 1992-லேயே தரம் வெளியாயிடுச்சு, தனித்தனியா எழுதின டிகோடர்கள் எண்ணிக்கையில்லாம இருக்கு. உங்க ஏவிஐ-க்குள்ள படத்தைச் சுருக்கி வெச்சிருக்கிற இன்டியோ 5 தேறாது. எஃப்எஃப்எம்பெக்கில் இருப்பது, அசல் டிகோடரைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து மறுபடி எழுதியது. விண்டோஸ் பக்கத்தில் 2009 கடைசியில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டே, மீடியா பிளேயர் வழியா இன்டியோ ஓடுவதைப் பூட்டிடுச்சு. இன்னைக்கு அது ஓடுறது ஒரு கயிற்றில்.

அதனால மாத்த வேண்டியது முதல்ல அதைத்தான். ஆனா எம்பி4-க்கு இல்லை. எச்.264 மறுபடி சுருக்கும், மறுபடி கொஞ்சம் இழக்கும். ஒரு பிக்செல் மாறாம, எதையும் இழக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1-க்கு மாத்தலாம். அதோட விவரக்குறிப்பு பொதுவில் இருக்கு, 2021-ல் ஆர்எஃப்சி 9043-ஆவே வந்துடுச்சு:

```
ffmpeg -i a.avi -c:v ffv1 -level 3 -c:a copy a.mkv
ffmpeg -v error -i a.avi -map 0:v -f md5 -
ffmpeg -v error -i a.mkv -map 0:v -f md5 -
```

கடைசி ரெண்டு வரியும் ஒரே எண்ணைத் தரணும். தந்தா படம் ஒரு பிரேம்கூட மாறலைன்னு அர்த்தம். அப்பவும் மூல ஏவிஐ-யை அழிக்காதீங்க, பக்கத்துல வைங்க. வீட்டுல பார்க்க எம்பி4 தனியா ஒண்ணு எடுத்துக்கலாம்.

முதுகணினி:
ஜேபெக் பாதுகாப்புன்னு இவ்வளவு தைரியமா சொல்றீங்க. ஜேபெக்கில் ஒரே ஒரு பிட் புரண்டா, அங்கிருந்து கீழே படமே வேற நிறத்துல சரிந்து வரும். டிஃபில் சுருக்காம வெச்சா ஒரு புள்ளிதான் கெடும். ஆவணக் காப்பகங்கள் டிஃப் வைப்பது ஏன்னு யோசிச்சீங்களா?

ரீல்பெட்டி:
நீங்க சொல்றது உண்மை, ஆனா அது வேற கவலை. பிட் புரள்வதைத் தடுக்க படத்தை டிஃப் ஆக்க வேண்டாம், ரெண்டு மூணு காப்பியும் ஒவ்வொண்ணுக்கும் செக்சம் பட்டியலும் போதும். கேமராவே ஜேபெக்கா எழுதினதை டிஃப் ஆக்கினா ஏற்கெனவே போன விவரம் திரும்ப வராது. ஃபைல் பல மடங்கு வீங்கும், அவ்வளவுதான்.

முதுகணினி:
செக்சம் கெட்டுச்சுன்னு சொல்லும், சரி செய்யாது.

ரீல்பெட்டி:
அதுக்குத்தான் ரெண்டாவது காப்பி.

முதுகணினி:
ரெண்டு காப்பியும் கெட்டா? சரி, விடுங்க. இவர் என்ன ஃபைல் வெச்சிருக்கார்னே முழுசா தெரியாம நாம டிஃபுக்கு சண்டை போடறோம்.

ஆனந்தி_கே:
என்கிட்ட பழைய போனிலிருந்து வந்த 3ஜிபி ஃபார்மேட் வீடியோ நிறைய இருக்கு. பேச்சு கரகரன்னு கேட்குது. அதையும் மாத்தணுமா?

ரீல்பெட்டி:
நிலாமுற்றம், ரெண்டு எம்ஓவி பத்தி: எந்தத் துண்டு எங்கே இருக்குன்னு சொல்ற அட்டவணைதான் அந்த moov. அது இல்லைன்னா ரெக்கார்டிங் பாதியில நின்னிருக்கும், இல்லை காப்பி பாதியில முடிஞ்சிருக்கும். இதுக்கும் ஃபார்மேட் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் கன்வர்ட்டரும் உதவாது. அதே கேமராவில் எடுத்த, நல்லா ஓடுற ஒரு எம்ஓவி இருந்தா untrunc-ன்னு ஒரு நிரல் அதை மாதிரியா வெச்சு அட்டவணையைக் கட்டிப் பார்க்கும். எப்பவும் வேலை செய்யாது. அதுக்கு முன்னாடி மூல டிஸ்க்கில் ஃபைல் அளவும் உங்க காப்பியின் அளவும் ஒண்ணுதானான்னு பாருங்க.

மிச்ச வீடியோக்கள் ஒவ்வொண்ணையும் கடைசிவரை ஓட்டிப் பார்க்க:

```
ffmpeg -v error -i b.avi -f null -
```

ஒண்ணும் சொல்லாம முடிஞ்சா டிகோடர் குறை சொல்லலைன்னு அர்த்தம். ஆனா வெட்டுப்பட்ட சில ஃபைல்களும் சத்தமில்லாம முடியும். அதனால ஓடுற நேரம் நீங்க எதிர்பார்க்கிற அளவு இருக்கான்னும் பாருங்க.

நிலாமுற்றம்:
நாற்பதுல மூணுதான் இன்டியோ. மிச்சத்துல பெரும்பாலும் mjpeg, yuvj422p-ன்னு வருது. அதை மாத்தணுமா? இன்டியோ மூணும் எம்கேவி ஆச்சு. மூணுக்கும் எண் பொருந்துச்சு. 12 எம்பி இருந்தது 47 ஆச்சு, பரவாயில்லை.

எம்ஓவி ஒண்ணு மூல டிஸ்க்கிலும் அதே அளவுதான். இன்னொண்ணு அங்கே பெரிசா இருக்கு, என் காப்பிதான் பாதியில நின்னிருக்கு. திரும்பக் காப்பி எடுத்ததும் ஓடுது. டிஸ்க் இப்ப லேசா டிக் டிக்குனு சத்தம் போடுது.

ஆனந்தி_கே:
சொன்னேன்ல!

ரீல்பெட்டி:
எம்ஜேபெக்கை விடுங்க, ஒவ்வொரு பிரேமும் ஏறக்குறைய ஒரு ஜேபெக் படம்தான். டிஸ்க்கை இப்பவே கழட்டி வைங்க, மறுபடி ஓட்ட வேண்டாம். திறக்காத எம்ஓவி-யைக் காப்பியில வெச்சே முயற்சி பண்ணுங்க. அதே கேமராவின் நல்ல எம்ஓவி இருக்கா?

முதுகணினி:
பத்து நாளாச்சு. வழக்கம்போல ஆள் காணோம்.

ஆனந்தி_கே:
என் 3ஜிபி?