மறுகல்யாணத்துக்குப் பிறகு பென்ஷன், வயல், பிள்ளைக: உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

அம்பைப் பொண்ணு
அத்தான் ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க், 2001ல சேந்தவரு, அதனால பழைய பென்ஷன்தான். 2019ல தவறிட்டாவ. 2023ல அக்காவுக்கு மறுகல்யாணம் பேசினோம், பென்ஷன் நின்னு போயிரும்னு தெரிஞ்சுதான் பேசினோம், அது இல்ல விஷயம். கல்யாணத்துக்கு முந்துன வாரம் மாமனார் எங்கள ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொன்னாவ, போனா விடுதலைப் பத்திரம் அடிச்சு ரெடியா கெடக்கு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல அத்தான் சம்பாத்தியத்துல வாங்கின 80 சென்ட் வயல், அதுல அக்கா பங்கையும் ரெண்டு பிள்ளைக பங்கையும் மாமியார் பேருக்கு விட்டுக் குடுத்ததா எழுதியிருக்கு. "வேற வீட்டுக்குப் போறவளுக்கு இந்த வீட்டு வயல் எதுக்கு"ன்னாவ. பையன் யூனிபாரத்தோட வாசல்ல நிக்கான், "எம்மா, நம்ம வயலையா எழுதிக் குடுக்க"ன்னு கேக்கான். அக்கா பதிலே சொல்லாம கைரேகை வச்சுட்டா. அவன் கேட்டது எனக்கு இன்னும் காதுலயே இருக்கு.

களக்காட்டுக்காரன்
பத்திரம் எழுதாட்டாலும் போயிருக்கும் தங்கச்சி. மறுகல்யாணம் பண்ணினா பழைய புருஷன் வீட்டுச் சொத்துல உரிமை கிடையாது, அதான் சட்டம். எங்க சித்தி 1990ல ரெண்டாவது கட்டினாவ, 1998ல பழைய மாமனார் செத்தப்ப நோட்டீஸ் விட்டுப் பாத்தாவ, ஒரு சென்ட் வரல. வக்கீலே கைய விரிச்சுட்டாரு.

கருவூலம் ரிட்டயர்டு
களக்காட்டுத் தம்பி, உங்க சித்தி கதை நெசம், ஆனா அது வேற கேசு. அது மாமனார் சொத்து, அவரு சாகும்போது சித்தி ஏற்கனவே வேற கல்யாணம் பண்ணிட்டாவ, அன்னைக்கு வாரிசுச் சட்டத்துல 24வது பிரிவு குறுக்க நின்னுச்சு, 2005ல அதத் தூக்கிட்டாங்க. இங்க புருஷன் செத்த அன்னைக்கே சொத்து பொண்டாட்டிக்கு எறங்கிருச்சு. பொண்டாட்டி, ரெண்டு பிள்ளை, புருஷனோட அம்மா, ஆளுக்குக் கால் பங்கு, 20 சென்ட். மாமனாருக்கு அதுல பங்கே கிடையாது, ஆட்டம் போட்டது பூரா அவருதான். 2023ல இல்ல, எப்ப கல்யாணம் பண்ணினாலும் அந்த 20 சென்ட் அவளுதுதான், சுப்ரீம் கோர்ட்டும் 2008ல சொல்லிருச்சு. பிடுங்கினது கல்யாணம் இல்லம்மா, கைரேகை.

அக்கா பங்கு திரும்புறது கஷ்டம், ஏமாத்தி வாங்கினாங்கன்னு நிரூபிக்கணும். ஆனா பிள்ளைக 40 சென்ட் அப்படி இல்ல. மைனர் சொத்த எழுதிக் குடுக்க தாயே ஆனாலும் ஜில்லா கோர்ட்டு அனுமதி வேணும், வாங்கலேன்னா பிள்ளைக அந்தப் பத்திரத்த ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம், 18 முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டுரணும். பூர்வீகச் சொத்தா இருந்தா கணக்கு மாறும், இது சம்பாத்தியம்கிறதால சொல்லுதேன். அந்தப் பத்திரத்துக்கு நகல் மனு போட்டு வாங்கி வைங்க, வில்லங்கமும் போட்டுப் பாருங்க, இதுக்குள்ள மாமியார் யாருக்காவது வித்திருந்தா வாங்கினவனையும் சேத்துத்தான் போடணும்.

என் அனுபவம்னா, வருஷாவருஷம் நேர்காணலுக்கு வருவாங்கல்ல, மறுமணம் செய்யலன்னு ஒரு கையெழுத்து உண்டு. ஒரு பொண்ணு முந்தானைய இழுத்துப் பிடிச்சுக்கிட்டே போட்டுச்சு, புது மஞ்சக் கயிறு தெரியுது. நான் ஒண்ணும் கேக்கல. பிறகு எவனோ மொட்டக் கடுதாசி போட்டு, கல்யாணத் தேதில இருந்து வாங்கினதப் பூரா திருப்பிக் கட்டச் சொல்லி ஆர்டர் போச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒரு பையன் இருந்தான், மொதல்லயே எழுதிக் குடுத்திருந்தா அதே பென்ஷன் கார்டியன் மூலமா அவன் பேருக்கு மாறியிருக்கும், 25 வயசு வரைக்கும்.

பாளை ரெண்டாம் அப்பா
நான் கட்டிக்கிட்டு வந்தவன், பேசலாமான்னு தெரியல. ஸ்கூல் பாரத்துல கார்டியன் கையெழுத்து நானே போட்டேன், ஹெச்.எம். பேனாவப் பிடுங்காத குறை, "நீங்க யாரு சார்"ன்னாரு. சட்டப்படி நான் யாருமே இல்லையாம். அம்மாதான் கார்டியன், வேற கல்யாணம் பண்ணினதால அது போகாது, மாற்றான் தகப்பனுக்கு அது வரவும் வராது. பிறகு பையனுக்கு என் இனிஷியல் போடப்படாதுன்னு பழைய தாத்தா மல்லுக்கு நின்னாரு. பிள்ளைக்கு என்ன குடும்பப் பேர் வைக்கணும்கிறத அம்மாவே முடிவு பண்ணலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னத வக்கீல் காட்டின பிறகுதான் அடங்கினாரு. பையன் மட்டும் பழைய இனிஷியலே இருக்கட்டும்னுட்டான். நானும் சரின்னுட்டேன்.

மேலப்பாளையம் 627005
இதெல்லாம் உங்களுக்குத்தான். எங்கள்ல பிள்ளை இருந்தா மனைவிக்கு எட்டுல ஒரு பங்கு, மறுநிக்காஹ் பண்ணினாலும் அது போகாது. பிள்ளைய யாரு வச்சுக்கிறதுங்கிறதுலதான் சண்டையே. எங்க மாமி மக அந்நியர நிக்காஹ் பண்ணினான்னு தாத்தா வீட்ல பிள்ளையக் கேட்டு நிக்காங்க, இன்னும் முடியல.

களக்காட்டுக்காரன்
அண்ணாச்சி, 2005ல தூக்கினது எங்க சித்திக்கு எதுக்கு ஆவும்?

கருவூலம் ரிட்டயர்டு
ஆவாதுவே. மாமனார் 1998லயே போயாச்சு.

அம்பைப் பொண்ணு
அண்ணாச்சி, பென்ஷன அவ பையனுக்கு மாத்தி விடணும்னு அக்கா போன வருஷம்தான் எழுதிக் குடுத்தா, இடையில வந்த பணம் அவ அக்கவுண்ட்லயேதான் கெடக்கு, தொடல. அத பையன் கணக்குல நேர் பண்ணுவாங்களா, இல்ல மொதல்ல கட்டச் சொல்லுவாங்களா?