உதவி: வளைந்த மேற்கோள் குறியால் பழைய சிஸ்டத்தில் விலை தப்பாக ஏறுகிறது (அவசரம்)

அம்பத்தூர்வாசி: எங்கள் குடோனிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் பழைய பில்லிங் சிஸ்டத்துக்குப் போகும். பொருள் விவரத்தில் வளைந்த மேற்கோள், நீளக் கோடு இருந்தால் குப்பை எழுத்து வருகிறது. விலையும் தப்பு. கையால் திருத்தினால் மறுநாள் மறுபடி வருகிறது. ஆறு மணிக்குள் அனுப்பணும். எப்படி மொத்தமாக மாற்றுவது?

பெரம்பூர் பாபு: வேர்டில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷனுக்குள் ஸ்மார்ட் கோட்ஸை அணைத்துவிடுங்கள். முடிந்தது.

பழைய புலி: கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது தம்பி. என்ன சிஸ்டம், ஃபைலை எது எழுதுகிறது, "குப்பை" என்றால் எந்த எழுத்து, "தப்பு" என்றால் எவ்வளவு தப்பு? ஜோசியம் பார்த்தா சொல்வது? பாபு சொன்னது இனிமேல் அடிப்பதற்குத்தான். ஏற்கெனவே அடித்ததும், சப்ளையர் மெயிலிலிருந்து ஒட்டியதும் அப்படியேதான் இருக்கும்.

தாம்பரம் லோக்கல்: எனக்கும் இதே பிரச்சினைதான். எஸ்எம்எஸ் அனுப்பும்போது ஒரே ஒரு வளைந்த குறி இருந்தால் 160 எழுத்து 70 ஆகி, ஒரு மெசேஜுக்கு மூன்று மெசேஜ் காசு பிடிக்கிறான்.

பழைய புலி: அது வேறு கதை. தனி இழை போடுங்கள்.

அம்பத்தூர்வாசி: மன்னிக்கவும் சார். பைத்தான் ஸ்கிரிப்ட்தான் எழுதுகிறது. விவரத்துக்கு 40 இடம், அடுத்து விலைக்கு 8 இடம். `GI PIPE 3/4” MEDIUM` விலை 1250, அங்கே 12 என்று ஏறியிருக்கிறது. `GI ELBOW 1/2” – HEAVY` விலை 0. குறிக்குப் பதில் `â€` மாதிரி தெரிகிறது.

வேளச்சேரி மீனா: அந்த 12-தான் துப்பு. ஸ்கிரிப்ட் 40 *எழுத்து* எண்ணுகிறது, பழைய சிஸ்டம் 40 *பைட்* எண்ணுகிறது. யூடிஎஃப்-8-இல் `”` மூன்று பைட். அதனால் வரி இரண்டு பைட் நீண்டுவிட்டது. `00001250` என்ற விலை இரண்டு இடம் தள்ளிப் போக, அவன் படிப்பது இரண்டு வெற்றிடமும் `000012`-உம். எல்போ வரியில் கோடும் சேர்ந்ததால் நான்கு இடம் தள்ளி, நான்கு வெற்றிடமும் `0000`-உம்.

அதனால் இடம் நிரப்புவதற்கு *முன்னால்* மாற்றுங்கள். முப்புள்ளி ஒன்று மூன்றாகும், நீளம் மாறும்.

```python
T = str.maketrans({
  '\u2018': "'", '\u2019': "'",
  '\u201c': '"', '\u201d': '"',
  '\u2013': '-', '\u2014': '-',
  '\u2026': '...', '\u00a0': ' '})
s = s.translate(T)
s.encode('ascii')
s = s[:40].ljust(40)
```

`encode` வரியை எடுத்துவிடாதீர்கள். பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால் அங்கேயே நின்று எந்த இடம் என்று காட்டும். விலை சத்தமில்லாமல் கெடுவதைவிட அது மேல்.

யூனிகோட் ரசிகன்: இவ்வளவு எதற்கு? `unicodedata.normalize('NFKC', s)` ஒரே வரி.

வேளச்சேரி மீனா: முப்புள்ளிக்கும் உடையாத வெற்றிடத்துக்கும் அது சரி. வளைந்த மேற்கோளையும் அந்த இரண்டு கோடுகளையும் அது தொடாது. ஓட்டிப் பாருங்கள்.

யூனிகோட் ரசிகன்: ஓட்டினேன். தொடவில்லை. சரி, அப்புறம் ஆஸ்கி அல்லாததை எல்லாம் ஒரே அடியாக நீக்கிவிடலாமே.

பழைய புலி: நீக்கினால் `3/4”` வெறும் `3/4` ஆகும். அங்குலம் போச்சு. ஒரு நாள் பொருள் பெயர் தமிழில் வந்தால் நாற்பது வெற்றிடம்தான் போகும்.

பெரம்பூர் பாபு: நீளக் கோட்டுக்கு இரண்டு கோடு போடுவதுதான் முறை. டைப்ரைட்டிங் ஹையரில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

பழைய புலி: 40 இடத்தில் ஒன்றை வீணாக்கச் சொல்கிறீர்கள்.

பெரம்பூர் பாபு: 1-2 என்பதற்கும் இடைக்கோட்டுக்கும் வித்தியாசம் வேண்டாமா?

பழைய புலி: பில்லில் இலக்கணம் யார் பார்க்கிறார்?

தாம்பரம் லோக்கல்: நடுவில் ஒன்று. எங்கள் கடையில் கமா வைத்துப் பிரிக்கும் ஃபைல். வளைந்த குறியாக இருந்தவரை ஒழுங்காக ஓடியது. நேராக்கியதும் `3/4"`-இல் உள்ள குறியையே சிஸ்டம் புலத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டு வரியைக் குதறிவிட்டது.

வேளச்சேரி மீனா: ஆமாம். அந்த வகை ஃபைலில் நேர் குறியை இரட்டித்து, `""` என்று எழுத வேண்டும், அதைப் படிக்கிற பக்கம் ஏற்கும் என்றால். அம்பத்தூர்வாசியின் ஃபைலில் இடத்தை வைத்துத்தான் பிரிப்பு, அந்தத் தொல்லை இல்லை.

அம்பத்தூர்வாசி: போயிடுச்சு! 1250 சரியாக ஏறியது. நடுவில் `¾` என்று ஒரே எழுத்தாக வந்த வரியில் நின்றது, அதையும் `3/4` என்று பட்டியலில் சேர்த்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நன்றி அக்கா, நன்றி சார்.

வேளச்சேரி மீனா: ஒரு நிமிஷம். `1¾` என்று எங்காவது இருந்ததா? இப்போது அது `13/4` ஆகியிருக்கும். முன்னால் எண் இருந்தால் நடுவில் `-` வைக்க வேண்டும். அனுப்பிய ஃபைலில் `13/4` என்று தேடிப் பாருங்கள்.

பழைய புலி: பஸ் ஏறிவிட்டார்.