ஏப்ரலில் பதவி உயர்வு, ஜூலையில் ஆண்டு உயர்வு: எந்தத் தேதியிலிருந்து ஊதிய நிர்ணயம் கேட்பது?

நெய்தல்

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் லெவல் 4-இல் இருந்தேன். அடிப்படை ஊதியம் 30500 ரூபாய். ஏப்ரல் 1 அன்று லெவல் 5 பதவியில் பொறுப்பேற்றுக்கொண்டேன். அடுத்த ஆண்டு உயர்வு ஜூலை 1 அன்று வரவேண்டியது. பதவி உயர்வு நாளிலிருந்தே ஊதியம் நிர்ணயிக்க வேண்டுமா, ஜூலை 1-லிருந்தா என்று ஒரு மாதத்துக்குள் விருப்பம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எதை எழுதுவது? இரண்டு வழியிலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஊதியம் எங்கே போய் நிற்கும்?

சதுரங்கன்

பதவி உயர்வு நாளையே எழுதிக் கொடுங்கள். பதவி உயர்வுக்கென்று ஓர் உயர்வு உடனே சேர்வதால் ஏப்ரல் மாதத்திலேயே ஊதியம் கூடிவிடும். ஜூலை என்று எழுதினால் மூன்று மாதங்கள் குறைந்த ஊதியத்தில் இருக்க வேண்டும். எப்படியும் ஆண்டுக்கு மூன்று விழுக்காடுதான் உயரப்போகிறது என்பதால், முதலில் கிடைப்பதை வாங்கிக்கொள்வதே சரி. பிந்தைய ஆண்டுகளை அறிய, இன்றைய ஊதியத்தை ஆண்டுக்கு ஒருமுறை 1.03-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் போதும்.

பேரேடு

சதுரங்கன் கூறுவதில் ஏப்ரல் மாதத்தைப் பற்றிய பகுதி சரி. பெருக்கல் முறையும் முடிவும் சரியல்ல என்பது என் கருத்து.

முதலில் பெருக்கலைப் பார்ப்போம். லெவல் 4-இன் தொடக்கம் 25500. அதை ஆறு முறை 1.03-ஆல் பெருக்கினால் 30448 வரும். நூறுக்கு முழுமையாக்கினால் 30400. ஆனால் நெய்தல் நிற்கும் ஏழாவது கட்டத்தில் அச்சிட்டிருப்பது 30500. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்திலிருந்து மூன்று விழுக்காடு உயர்த்தி, அங்கேயே நூறுக்கு முழுமையாக்கப்பட்டது. அந்த முழுமையாக்கல் ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போவதால், தொடக்கத்திலிருந்து பெருக்கி வருகிறவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் நூறு ரூபாய் பிசகும். ஆகவே அட்டவணையைத் திறந்து, விரலை வைத்துக் கட்டங்களை எண்ணுவதே சரியான முறை. எண்ணும்போது, ஏழாவது கட்டத்தில் இருப்பவர் வாங்கியது ஆறு உயர்வுகள்தான், ஏழு அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதல் கட்டம் உயர்வில்லாமலே கிடைப்பது.

இனி நெய்தலின் இரண்டு வழிகள். அடிப்படை விதி 22-இன்படி, பதவி உயர்வு நாளைத் தேர்ந்தால் பழைய லெவலிலேயே ஒரு கட்டம் ஏற்றுவார்கள். அது 31400. பிறகு லெவல் 5-இல் அதே தொகை இருக்கிறதா என்று தேடுவார்கள். அங்கே 31000-க்கு அடுத்தது 31900 என்பதால் 31900-இல் வைப்பார்கள். ஜனவரி 2-க்கும் ஜூலை 1-க்கும் இடையில் பதவி உயர்வு பெற்றவருக்கு அடுத்த ஆண்டு உயர்வு ஜனவரி 1 அன்றுதான். எனவே டிசம்பர் முடிய 31900, ஜனவரியில் 32900.

ஜூலை 1-ஐத் தேர்ந்தால், ஏப்ரல் முதல் ஜூன் வரை 30500-க்கு அடுத்த மேல் கட்டமான 31000 மட்டுமே கிடைக்கும். ஜூலை 1 அன்று பழைய லெவலில் இரண்டு கட்டங்கள் ஏற்றுவார்கள்: ஒன்று ஆண்டு உயர்வு, மற்றொன்று பதவி உயர்வுக்கானது. 31400, 32300. லெவல் 5-இல் 32300 இல்லை; 31900-க்கு அடுத்தது 32900. ஆகவே ஜூலையிலேயே 32900. ஆறு மாதப் பணி முடிந்து ஜனவரி 1 அன்று 33900. அதன்பின் இரண்டு வழியிலும் ஜனவரிக்கு ஜனவரி உயர்வு வரும். ஆனால் ஜூலையைத் தேர்ந்தவர் எப்போதும் ஒரு கட்டம் முன்னே நிற்பார்.

விட்டுக்கொடுப்பது மாதம் 900 வீதம் மூன்று மாதத்துக்கு 2700. ஜூலை முதல் மாதம் 1000 அதிகம் என்பதால், செப்டம்பர் சம்பளத்தோடு அந்த இழப்பு ஈடாகிவிடும். அகவிலைப்படி இரண்டு பக்கமும் ஒரே விழுக்காட்டில் ஏறுவதால் ஒப்பீட்டை அது கவிழ்க்காது.

தென்கரை

எனக்கும் இதே போலத்தான் நேர்ந்தது. லெவல் 6-இல் 42300 வாங்கிக்கொண்டிருந்தபோது மார்ச் மாதம் லெவல் 7-க்குப் பதவி உயர்வு வந்தது. ஜூலையை எழுதிக்கொடுத்தேன். மார்ச்சில் 44900 வைத்தார்கள், ஜூலையிலும் அதே 44900-ஐ வைத்தார்கள், ஜனவரியில் 46200 ஆனது. என்னோடு உயர்ந்த மற்றொருவர் பதவி உயர்வு நாளை எழுதினார்; அவருக்கும் மாதத்துக்கு மாதம் அதே தொகைதான். ஆகவே இந்த விருப்பப் படிவத்தால் ஒரு பயனும் இல்லை, அலுவலகத்துக்கு ஒரு காகிதம் கூடுதல், அவ்வளவுதான் என்பது என் அனுபவம்.

பேரேடு

தென்கரை ஐயா, உங்களுக்கு நேர்ந்தது சரியான நிர்ணயமே. லெவல் 7-இன் முதல் கட்டமே 44900. நீங்கள் 42300-இல் இருந்ததால் ஓர் உயர்வு சேர்த்தாலும் 43600, இரண்டு சேர்த்தாலும் 44900. இரண்டு வழியும் புதிய லெவலின் அடித்தளத்திலேயே வந்து முட்டின. உங்கள் ஊதியம் அந்த அடித்தளத்தைத் தாண்டிப் போகும் அளவுக்கு மேலே இருந்திருந்தால்தான் தேர்வு வேறுபாட்டைத் தந்திருக்கும். லெவல் 5 தொடங்குவது 29200-இல். நெய்தலின் 30500 ஏற்கெனவே அதற்கு மேலே நிற்கிறது. அதனால்தான் அவருக்குப் படிவம் பணமாகிறது, உங்களுக்கு ஆகவில்லை.

இளவேனில்

பேரேடு அவர்களின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதைப் படிக்கும் எல்லாரும் அடுத்த உயர்வு நாளையே எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். ஏப்ரல் மாதப் பதவி உயர்வுக்குத்தான் இது இவ்வளவு இனிமையாக அமைகிறது.

இதே 30500, இதே லெவல்கள், ஆனால் பதவி உயர்வு ஆகஸ்ட் 1 அன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அடுத்த ஆண்டு உயர்வுக்குப் பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும். பதவி உயர்வு நாளை எழுதியவர் ஆகஸ்டிலிருந்தே 31900 வாங்குவார். ஜூலையை எழுதியவர் அந்தப் பதினொரு மாதமும் 31000 வாங்குவார். இழப்பு 9900. ஜூலை 1 வந்ததும் முன்னவர் ஆண்டு உயர்வால் 32900, பின்னவர் மறு நிர்ணயத்தால் 32900. அதாவது அன்றைக்குச் சமன்தான். பின்னவருக்கு ஆறு மாதம் கழித்து ஜனவரியில் ஓர் உயர்வு வரும், முன்னவருக்கு ஜூலையில் வரும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஜூன் வரை மட்டுமே மாதம் 1000 முன்னிலை. அந்த 9900-ஐ மீட்கப் பத்து முன்னிலை மாதங்கள் வேண்டும். பதவி உயர்வு நாளிலிருந்து எண்ணினால் மூன்றாம் ஆண்டின் ஏப்ரல் வரை ஆகிவிடும். இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறவருக்கு இதில் கையிலிருந்து போவதே மிச்சம்.

சதுரங்கன்

நான் சொன்னதும் இதைத்தான். கையில் வருவதற்கு ஒரு மதிப்பு உண்டு. பழைய ஆறாவது ஊதியக் குழுக் காலத்தில் எல்லாருக்கும் ஜூலை ஒன்றே உயர்வு நாளாக இருந்தபோது இத்தனை குழப்பம் இல்லை.

பேரேடு

இளவேனில் சொல்வதை ஏற்கிறேன். ஆகஸ்டில் உயர்ந்தவருக்கு என் பரிந்துரை செல்லாது, குறிப்பாக ஓய்வு நெருங்கியிருந்தால். ஆனால், சதுரங்கன், நெய்தலின் வழக்கில் காத்திருப்பு மூன்றே மாதம். அங்கே முதலில் வாங்கிக்கொள்வது என்பது வாழ்நாள் முழுவதும் ஒரு கட்டத்தை விட்டுக்கொடுப்பதாகும்.

நெய்தலுக்கு இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். ஜூலை ஊதியப் பட்டியல் வரும்போது உங்கள் அடிப்படை 31900 என்று இருந்தால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். அது 31000-இலிருந்து புதிய லெவலில் ஒரே ஒரு கட்டம் ஏற்றியதன் அடையாளம். பழைய லெவலில் இரண்டு கட்டம் ஏற்றி மறு நிர்ணயம் செய்திருந்தால் 32900 இருக்கும். விருப்பப் படிவம் கோப்பில் இருந்தும் பட்டியல் தயாரிப்பவர் வழக்கமான ஜூலை உயர்வாகவே பதிந்துவிடுவது அடிக்கடி நேரும் தவறு. ஜனவரியிலும் கவனியுங்கள். மறு நிர்ணயம் ஆகி ஓராண்டு ஆகவில்லை என்று அந்த உயர்வை நிறுத்திவைக்கும் அலுவலகங்கள் உண்டு. ஆறு மாதப் பணிக்குப் பின் முதல் உயர்வு உண்டு, அதற்கடுத்ததே ஓராண்டு கழித்து என்று செலவினத் துறை 2019 நவம்பர் 28 தேதியிட்ட குறிப்பாணையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நெய்தல்

மிக்க நன்றி. ஒரு விவரத்தை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். லெவல் 6-க்கான துறைத் தேர்வை எழுதியிருக்கிறேன். அது கைகூடினால் வருகிற ஜனவரிக்குப் பின், அதே ஆண்டுக்குள் மீண்டும் பதவி உயர்வு வரக்கூடும். அப்போதும் ஜூலையே நல்லதா?

இளவேனில்

அப்படியானால் முன்னிலை கரைந்துவிடலாம். லெவல் 6-இன் தொடக்கம் 35400. அந்த ஆண்டில் ஒரு வழியில் 32900, மறு வழியில் 33900 வாங்கிக்கொண்டிருப்பீர்கள். பதவி உயர்வு நாளிலேயே நிர்ணயம் என்றால் ஒன்று 33900 ஆகும், மற்றொன்று 34900 ஆகும். இரண்டுமே 35400-க்குக் கீழே. தென்கரை ஐயாவுக்கு நேர்ந்ததுபோல இரண்டு பேரும் ஒரே அடித்தளத்தில் வந்து நிற்பார்கள்.

பேரேடு

அந்த நாளில் நிர்ணயம் கேட்டால் மட்டுமே அப்படி. இரண்டாம் பதவி உயர்விலும் அடுத்த உயர்வு நாளான ஜனவரி 1-ஐத் தேர்ந்தால், 33900-க்கு இரண்டு கட்டம் ஏற்றி 35900, அதற்கு லெவல் 6-இல் 36500. 32900-இலிருந்து தொடங்கியவருக்கு அதே முறையில் 34900, அவர் 35400-இலேயே நிற்பார். அதனால் இப்போது எடுத்த ஒரு கட்டம் அங்கேயும் பயன்படும்.

இளவேனில்

பயன்படும், ஆனால் அவர் எந்த மாதத்தில் உயர்கிறார் என்பதைப் பொறுத்தே அது எவ்வளவு என்று சொல்ல முடியும். தேர்வு முடிவே வராதபோது அந்த மாதத்தை நாம் ஊகிக்க முடியாது. கரைந்துபோனாலும், ஜூலை முதல் டிசம்பர் வரை கூடுதலாக வாங்கும் 6000-இல் 2700-ஐக் கழித்தால் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஏப்ரல் வழக்கில் அதை நானும் மறுக்கவில்லை.

தென்கரை

நெய்தல், எதை எழுதினாலும் ஒரு மாதக் கெடுவைத் தவறவிடாதீர்கள். படிவத்தின் நகலில் பெற்றுக்கொண்ட நாளும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலைப் பட்டியல் வந்ததும் 31900-ஆ 32900-ஆ என்று இங்கே எழுதுங்கள்.