சான்றிதழ் பதிவு: இந்த வரிகள் சரியா, பார்த்துச் சொல்லுங்க

வணக்கம். ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் பாஸ் ஆகிவிட்டேன், லிங்க்டுஇன்னில் சின்னதாக ஒரு பதிவு போடணும். எல்லாரும் போடுகிற மாதிரி "கிளவுட் நிபுணர் ஆனேன்" என்று எழுதக் கை வரவில்லை. அது 130 நிமிடத்தில் 65 கேள்விக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, 1000க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. எந்தத் தேவைக்கு எந்தச் சேவை பொருந்தும் என்று தெரிந்திருப்பதைக் காட்டும், நடுராத்திரியில் சர்வர் விழுந்தால் நான் என்ன செய்வேன் என்பதைக் காட்டாது.

இப்போதைக்கு எழுதியது:

"ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் இந்த மாதம் தேர்ச்சி பெற்றேன். பெரிய அமைப்பு எதையும் இன்னும் தனியாக வடிவமைத்ததில்லை. ஒவ்வொரு மாதிரிக் கேள்வியிலும் மற்ற விடைகள் ஏன் பொருந்தாது என்று என்னையே சொல்ல வைத்த அண்ணனுக்கும், சப்நெட், ரூட் டேபிள் இரண்டையும் படம் வரைந்து புரிய வைத்த அக்காவுக்கும் நன்றி."

இரண்டாவது வரி நேர்மையாக இருக்கிறதா, இல்லை வேலை தேடுகிறவன் தன் காலில் தானே கோடாரி போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கிறதா? சான்றிதழ் 3 வருடம்தான் செல்லும் என்பதால் மாதத்தைச் சொன்னேன், மதிப்பெண்ணை விட்டுவிட்டேன். அப்புறம், அண்ணனையும் அக்காவையும் டேக் செய்தால் என் திறமைக்கு அவர்கள் உத்தரவாதம் தருவது போல் ஆகிவிடுமோ? முதலில் கேட்டுவிட்டுப் போடலாம் என்றிருக்கிறேன், நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?