புதுப்பிப்பு: லயத்து சர்வேக்கு நெறிமுறைக் குழு சொன்னது

முன்பு கேட்டது: "வண்டிப்பெரியாறு தோட்டத்தில் லயம் எனும் வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களிடம் கடன் பற்றி சர்வே. மேனேஜர் கையெழுத்து போட்டுட்டார், போதுமா?"

போதாது. குழு திருப்பி அனுப்பிவிட்டது. மேனேஜர் அனுமதி உள்ளே நுழையத்தான், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி ஒப்புதலை ஒவ்வொருவரிடமும் தனியாக வாங்கணும் என்று இங்கே ஓர் அக்கா சொன்னதுதான் சரி. கைநாட்டு போதும் என்ற தம்பி பாதி சரி. படிக்கத் தெரியாதவருக்குச் சம்பந்தமில்லாத சாட்சியும் கையெழுத்திடணும். சூப்பர்வைசர் சாட்சியாக ஆகாது, அவர் பக்கத்தில் நின்றால் யார் மறுப்பார்? சாட்சியாக அங்கன்வாடி டீச்சர் வருகிறார்.

பெயரை நீக்கினாலும் லய எண், வயது, விதவை என்ற மூன்றும் சேர்ந்தால் ஊருக்கே ஆள் தெரியும். எண்ணை எடுத்துவிட்டேன், வயதைப் பத்தாண்டுப் பிரிவாக்கினேன்.

தன் கல்லூரிக்கு மலையாள ஒப்புதல் படிவம் கேட்ட அண்ணனுக்கு: எங்களுடையது தமிழில்தான், உங்கள் குழுவிடம் கேளுங்கள்.

பேட்டியில் வட்டிக்காரர் மிரட்டுவதாகச் சொன்னால் என்ன செய்வது? குழு இன்னும் பதில் தரவில்லை.