பேறுகால விடுப்பிலிருந்து திரும்பியபோது என் குழு என்னிடம் இல்லை

கயல்: 26 வார விடுப்பு முடிந்து சென்றேன். நான் நடத்திய எட்டுப் பேர் குழுவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, என்னை அறிக்கை தயாரிக்கும் வேலையில் வைத்துவிட்டார்கள். அடிப்படைச் சம்பளம் மாறவில்லை. விடுப்புக் காலத்தைச் சேவையில் சேர்க்க மாட்டோம் என்றும் சொல்கிறார்கள். இது சரியா?

மதிவாணன்: முற்றிலும் தவறு. விட்டுச்சென்ற அதே நாற்காலியைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

சுந்தரி: அப்படி ஒரு வரி இல்லை, மதிவாணன் சார். விடுப்பின்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது, பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது என்பதே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆகவே நாற்காலியைப் பற்றி வாதிடுவதைவிட, எது பாதகமாக மாறியது என்று காட்டுவதுதான் பயன்படும். கயல், விடுப்புக்கு முந்தைய சம்பளச் சீட்டையும் இப்போதையதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பரிமளா: எனக்கு நிறுவனம் ஒரு பைசா தரவில்லை, இஎஸ்ஐதான் தந்தது. நீங்களும் அங்கே கேளுங்கள்.

சுந்தரி: இஎஸ்ஐ வரம்புக்குள் சம்பளம் வாங்குபவருக்கு அதுதான் வழி, பரிமளா அக்கா. ஆனால் கயல் கேட்பது விடுப்புக்காலப் பணத்தைப் பற்றி அல்ல.

ராகவன்: இருபது பேர் வேலை செய்யும் நிறுவனத்தை நடத்துகிறேன். இஎஸ்ஐக்கு வெளியே இருப்பவரின் ஆறு மாதச் சம்பளமும் என் கையிலிருந்துதான் போகிறது. வாடிக்கையாளர் காத்திருக்கும்போது குழுவைத் தலைவர் இல்லாமல் விட முடியுமா? புதிதாக வந்தவரை இனி எங்கே அனுப்புவது?

சுந்தரி: உங்கள் சிரமம் உண்மைதான், ஐயா. தற்காலிகப் பொறுப்பு என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் பாதியாவது குறைந்திருக்கும்.

சேவைக் கணக்கில் மட்டும் ஐயத்துக்கே இடமில்லை. 5 ஆண்டு 2 மாதம் பணிபுரிந்தவரிடமிருந்து 26 வாரத்தைக் கழித்து, ஐந்தாண்டு நிறையவில்லை என்று கிராஜுவிட்டியை மறுத்ததை நானே பார்த்திருக்கிறேன். பேறுகால விடுப்பின் 26 வாரமும் தொடர் சேவைதான். அவருடைய அடிப்படைச் சம்பளம் 30,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் 5ஆலும் பெருக்கினால் வரும் ஏறத்தாழ 86,538 ரூபாயை, கழித்த அந்த ஆறு மாதம் விழுங்கப் பார்த்தது.

கயல்: சீட்டைப் பார்த்தேன். குழுத் தலைவர் படி 4,000 ரூபாய் போயிருக்கிறது.

ராகவன்: அந்தப் படி வேலைக்கானது, ஆளுக்கானது அல்ல.

சுந்தரி: அப்படி வாதிட இடமுண்டு. ஆனால் பொறுப்பைப் பறித்துவிட்டு, பொறுப்பு இல்லையே என்று படியையும் நிறுத்தினால், அது விடுப்பால் வந்த பாதகம் என்றுதான் நான் எழுதுவேன். கயல், மாற்றத்துக்கான காரணத்தை மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழி பதிலை ஏற்காதீர்கள்.

மதிவாணன்: அந்தப் பதிலிலேயே விடுப்பைக் காரணமாக எழுதிவிட்டால்?

சுந்தரி: ஆய்வாளரிடம் புகார் தரும்போது அந்த மின்னஞ்சலை முதல் பக்கமாக வைக்கலாம்.